பித்தளை வள்ளம்

அன்புப் பேத்திக்கு நன்னி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தோழியருடன் வெள்ளிமலைக்குச் சென்று, மேகம் அருவியைக் கண்டு, நாங்கள் வாழ்ந்த தெருவையும் தேடிப் பார்த்தாயென அறிந்து மகிழ்ந்தேன். “ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் எவ்வளவு தூய்மையாகவும் அமைதியாகவும் இருந்திருக்கும்!” என்று வியந்திருந்தாய். உன் நன்னாவின் கடையிலிருந்த பித்தளை வள்ளத்தை உன் வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைக்கக் கேட்டிருந்தாய். தருவதற்குத் தடையில்லை. ஆனால் அது எதை அளந்தது என்று அறிந்த பின்னர் வாங்கிக்கொள்.

நான் மணமாகி அவ்வூருக்குச் சென்றது 1974ஆம் ஆண்டு. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தில் கள்ளக்குறிச்சி வட்டத்தைச் சேர்ந்தது. கச்சிராயபாளையம் வரை பேருந்தில் வந்து, கோமுகி அணையைப் பின்னே விட்டு, அதற்குமேல் நான் நடந்தேதான் ஏறினேன். என் சீர்ச் சாமான்கள் கழுதை முதுகில் வந்தன. மேலே வந்து நின்றதும், “ஊர் எங்கே?” என்று உன் நன்னாவைக் கேட்டேன். “இதுதான் ஊர்” என்றார். செம்மண் சுவரும் புல்வேய்ந்த கூரையுமாகச் சில வீடுகள், சாமையும் கேழ்வரகும் காயும் களம், தானியம் வைக்கும் பரண், எங்கள் கடை. மாலையானால் மண்ணெண்ணெய் விளக்கு. தொழுகைக்குக் கடையின் பின்கட்டில் ஒரு பாய். ஜும்ஆவுக்கு உன் நன்னா கீழே இறங்கிப் போய்வருவார்.

மலை மக்கள் நம்மை அன்போடுதான் நடத்தினார்கள். என்னைப் “பாய் வூட்டம்மா” என்பார்கள். முதல் தேன் எடுத்தால் எனக்கொரு கிண்ணம் வரும். அவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. நீ எண்ணும் அமைதியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆயின் அதற்கடியில் இருந்ததை நான் எழுதாவிட்டால் வேறு யார் உனக்கு எழுதப் போகிறார்கள்?

நாடு 1947இல் விடுதலை பெற்றதாக நீ பள்ளியில் படித்தாய். கல்வராயன் மலையோ அதன் பின்னும் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் கீழேயே இருந்தது. நிலத்தை அளந்து வரி போடும் வழக்கம் அங்கில்லை. ஏர் பூட்டி உழுபவனுக்கு ஏர்க்கணக்கு; சரிவிலே கொத்திப் பயிரிடுபவனுக்குக் கொத்துக்கணக்கு. அத்துடன் கூலியில்லாத ஊழியமும் செய்தாக வேண்டும். தன் காட்டில் விதைக்க வேண்டிய நாளில் மலையாளி பிறர் காட்டில் நின்றான். ஆகவே ஆடி பிறந்தால் பழைய சாமை தீர்ந்துவிடும். புதுச் சாமைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவன் நம் கடைக்கு வந்தான்.

அவனுக்கு இன்றியமையாதது உப்பு. மலையில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. அதை நாங்கள் கடனாகக் கொடுப்போம். தையிலும் மாசியிலும் கடுக்காயாகத் திரும்பப் பெறுவோம். அக்கடுக்காய் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்குப் போகும். ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும்; இறுதியாகக் கடுக்காய்த் தண்ணீரில் தோய்த்தெடுத்தால் நிறம் நிற்கும். அதனால் நல்ல காய்க்கு என்றும் கிராக்கி இருந்தது. ஒழுங்காய் உலர்ந்த காய் கையிலெடுத்துக் குலுக்கினால் கல்லைப்போல் ஒலிக்கும். உடைத்தால் உள்ளே மஞ்சளாயிருக்கும். மழையில் நனைந்தது கறுத்து, பூச்சி துளைத்திருக்கும். இதைப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. கணக்கெழுதுவதும் என் வேலையே. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேனல்லவா?

இப்போது வள்ளத்துக்கு வருகிறேன். அது நான்கு படி கொள்ளும். ஒரு வள்ளம் உப்புக்கு இரண்டு வள்ளம் கடுக்காய் என்பது நம் கடைப் பேச்சு. ஆடியில் ஒருவர் இரண்டு வள்ளம் உப்பு கடன் வாங்கினால், தையில் நான்கு வள்ளம் கடுக்காய் தரவேண்டும், முன்னே கொடுத்ததற்காக மேலும் ஒரு வள்ளம், ஆக ஐந்து. இது வெளிப்படையான கணக்கு. வெளிப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. உப்பை அளக்கும்போது வள்ளத்தின் வாயைக் கையால் வழித்துவிடுவோம். கடுக்காயை அளக்கும்போது கும்பாச்சியாகக் குவிப்போம். அந்தக் குவியலே கால் வள்ளம் வரும். ஆக, ஐந்து வள்ளம் என்று நான் ஏட்டில் எழுதியது உண்மையில் ஆறேகால் வள்ளம். நியாயமாய் வரவேண்டியதோ நான்கு. கடையில் தராசு இருந்தது. கீழ்நாட்டு வியாபாரிக்கு மட்டும் அதை எடுப்போம்.

1976இல் அரசு ஜாகீர்களை நீக்கி மலையைத் தன் நேர் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அவ்வாண்டில் வந்தது. பின்னர் மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கம் வெள்ளிமலைக்கு வந்து, கடுக்காயை எடைபோட்டு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் ஒரு முதியவர் சங்கத்தில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டு, அதே அளவுள்ள மற்றொரு மூட்டையுடன் நம் கடைக்கு வந்தார். அதை எங்கள் வள்ளத்தால் அளந்து, பிறகு எங்கள் தராசிலேயே நிறுத்துப் பார்க்கச் சொன்னார். எடை சங்கத்துச் சீட்டோடு ஒத்திருந்தது. அதற்குரிய வள்ளக் கணக்குதான் குறைந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. “பாயி, உப்புக்கு வழிக்கிற கை கடுக்காய்க்கு மட்டும் ஏன் வழிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார். அவ்வளவே.

உன் நன்னா அன்றிரவு உணவருந்தவில்லை. அளவையில் குறை செய்யலாகாது என்பதை ஓதி வளர்ந்தவர்தாம். “எல்லோரும் இப்படித்தானே அளக்கிறார்கள்” என்று தமக்குத்தாமே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்குமேல் சொல்ல வரவில்லை. விளக்கைப் பக்கத்தில் வைத்து, இருவரும் ஏட்டை முதலிலிருந்து பார்த்தோம். நிலுவையிலிருந்த கடன்களை அடித்துவிட்டோம். மறுநாள் முதல் தராசு தொங்கியது. வள்ளம் பரணுக்கு ஏறியது. ஆனால் ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தோமா என்றால், இல்லை, மகளே. சிலர் மௌத்தாகிவிட்டனர், சிலர் பிழைப்பைத் தேடிக் கீழே இறங்கிவிட்டனர். இருந்தவர்களுக்குக் கொடுக்க அன்று எங்களிடம் பணமில்லை என்று சொல்லிக்கொண்டோம். பின்னாளில் பணம் வந்தபோது எங்களுக்கு அந்த நினைவு வரவில்லை.

இன்று அவ்வூர் வட்டத் தலைநகர். பேருந்தும் மின்விளக்கும் அலுவலகங்களும் வந்துவிட்டன. நீ கண்ட அவ்வூரில் பழைய தூய்மை குறைந்திருக்கலாம். ஆனாலும் கடுக்காய் கொண்டு வருபவர், அது எவ்வளவு எடை என்று கேட்கலாம். நானிருந்த வெள்ளிமலையில் அந்தக் கேள்வி இல்லை.

வள்ளத்தைத் துலக்கி அனுப்புகிறேன். அதனுடன் என் கையெழுத்திலுள்ள கணக்கேட்டையும் அனுப்புகிறேன். அதில் அடிக்கப்பட்ட பெயர்களும் உண்டு. அடிக்கப்படாமலே முடிந்துபோன பெயர்களும் உண்டு. கூடத்தில் வைப்பதானால் இரண்டையும் சேர்த்தே வை. அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஏட்டையும் எடுத்துச் செல். அப்பெயர்களுக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் யாரேனும் இருந்தால், நன்னி அனுப்பினாள் என்று சொல்.

வஸ்ஸலாம்.

உன் நன்னி