முதல் முப்பது நொடி

திங்கள்

மளிகைக் கடைக்கான பில்லிங் மென்பொருளின் டெமோ வீடியோ. நான்கு நிமிடம். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் வரைபடத்தைத் திறந்தால், முப்பதாவது நொடியிலேயே பாதிக்கு மேல் போய்விட்டார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் பேர் போவது எல்லா வீடியோவிலும் நடப்பதுதான். கோடு எங்கே செங்குத்தாக விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதில் லோகோ சுழலும்போது ஒரு முறை, "வணக்கம், எங்கள் நிறுவனம்..." என்று குரல் தொடங்கும்போது இன்னொரு முறை. 1:10 அருகே மட்டும் கோடு சற்று மேலே எழுகிறது. அங்கேதான் பிரிண்டரிலிருந்து பில் வருகிறது. பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு வேண்டியது அதுதான்.

செவ்வாய்

அந்த பில்லை முதல் மூன்று நொடிக்குக் கொண்டுவந்தேன். ஸ்கேனர் 'பீப்' என்கிறது, திரையில் பொருளின் பெயர் விழுகிறது, காகிதம் வெளியே வருகிறது. அதன் மேல் குரல்: "பார்கோடு காட்டினால் பில் ரெடி. பார்கோடே இல்லாத உதிரிப் பருப்புக்கு என்ன செய்வது? அதையும் பார்த்துவிடலாம்." இரண்டாவது கேள்விதான் ஆளை உட்கார வைக்கும், கடைக்காரருக்கு உண்மையிலேயே இருக்கும் தலைவலி அது. முழுத் திரையைக் காட்டினால் கைபேசியில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. பொருள் பட்டியலை மட்டும் பெரிதாக்கினேன். சத்தத்தை அணைத்துப் பார்ப்பவர்களுக்காகக் கேள்வியை எழுத்திலும் போட்டேன்.

புதன்

மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி போனில் வந்தார். "லோகோவ எடுத்துட்டா எங்க பேரு எப்படிங்க தெரியும்?"

"பில்லோட அடியில உங்க பேரு அச்சாகுதுங்களே, அதையே பெருசாக் காட்டறேன்."

லோகோ கடைசிக்குப் போனது. (அதுவரை யார் இருப்பார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை.) லாகின் செய்யும் காட்சி மட்டும் இருந்தே ஆக வேண்டும் என்றார்.

பழைய இணைப்பிலேயே புதுக் கோப்பை மாற்றி வைக்க யூடியூப் விடாது. ஏற்கெனவே இருப்பதில் வெட்டத்தான் முடியும். வெட்டினால் லோகோ போகும், ஆனால் பில் முன்னால் வராது. அதனால் புது வீடியோவாகவே ஏற்றினோம்.

அடுத்த வாரம், வியாழன்

முதல் சரிவு தணிந்திருக்கிறது. ஆனால் இருபதாவது நொடியில் புதிதாக ஒரு பள்ளம்: லாகின் காட்சி. பில்லைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, பாஸ்வேர்டு தட்டச்சு செய்வதைப் பார்க்கச் சொன்னால் யார் இருப்பார்கள்? வரைபடத்தை முதலாளிக்கு அனுப்பினேன். "சரி, எடுத்துருங்க" என்று ஒரே வரியில் பதில். நடுவில் வெட்டுவதை ஸ்டூடியோ எடிட்டரிலேயே செய்துவிடலாம், இணைப்பு மாறாது. லாகினை வெட்டியதும் கேள்வியை அடுத்து நேராகப் பருப்பு எடை போடும் காட்சி வந்துவிட்டது.

எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்த்தேன். தேடி வந்தவர்கள் நிற்கிறார்கள். பரிந்துரையில் பார்த்துக் கிளிக் செய்தவர்கள் இன்னமும் ஐந்தாறு நொடியில் போகிறார்கள். தம்ப்நெயிலில் 'இலவசம்' என்று பெரிதாக இருக்கிறது. மென்பொருள் இலவசமல்ல, முதல் மாதம் மட்டும்தான். அதற்கு எடிட்டிங்கில் மருந்தில்லை. தம்ப்நெயிலை மாற்றச் சொல்லி நாளைக்குப் பேச வேண்டும்.