பேத்தி முகமா, குரூப் வீடியோவா?

மார்ச் மாசம், மஞ்சள் வேக வச்சு களத்துல காயப் போட்டிருந்த நேரம். அன்னைக்கு ஈரோட்டுல விரலி என்ன விலைக்குப் போச்சுன்னு பார்க்கலாம்னு போனை எடுத்தா, குரூப்புல விலைப்பட்டியல் படம் சுத்திக்கிட்டே நிக்குது, திறக்கல. கூடவே ஒரு எஸ்.எம்.எஸ். உங்கள் டேட்டா தீர்ந்துவிட்டது. தேதி பார்த்தேன், 15. ரீசார்ஜ் பண்ணது 4-ஆம் தேதி. 28 நாளைக்கு 2 ஜிபின்னு போட்ட பேக், 11 நாள்ல காலி.

எங்க வீட்டுல டச் போன் ஒண்ணுதான். தோட்டத்துக்கு நான் கொண்டு போறது பட்டன் போன். டச் போன் வீட்டுலேயே கிடக்கும். சாயங்காலமானா வீட்டுக்காரம்மா அதுல பெங்களூருல இருக்கிற மகளைக் கூப்பிட்டு, பேத்தியோட வீடியோவுல பேசுவாங்க. பேத்திக்கு ஒன்றரை வயசு. இப்பத்தான் "அம்மிச்சி"ன்னு சொல்லப் பழகியிருக்கா.

நான் யோசிக்கவே இல்லைங்க. எடுத்த எடுப்புல, "தினமும் வீடியோவுல பேசினா நெட் எப்படி நிக்கும்?"னு சத்தம் போட்டுட்டேன். அவங்க பதில் ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள்லேர்ந்து போனைத் தொடறதையே விட்டுட்டாங்க. மகள் கூப்பிட்டாலும், "மாமா நெட்டு தீர்ந்துருச்சுங்கறாரு கண்ணு, அப்புறம் பேசறேன்"னு ரெண்டு வார்த்தையில வச்சுடறது.

ஒரு வாரம் போச்சு. வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு. நெஜமாலுமே அந்த வீடியோ கால்தான் தின்னுச்சான்னு கணக்கு பார்க்காமலே சொல்லிட்டமேன்னு எனக்கே உறுத்த ஆரம்பிச்சது. தோட்டத்துல மோட்டாருக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்னு பார்க்கிறவன், இதைப் பார்க்கக் கூடாதா?

முதல்ல போனோட Settings-க்குள்ள போனேன். ஒவ்வொரு கம்பெனி போனுலயும் இது ஒவ்வொரு இடத்துல இருக்கும். அதனால மேல இருக்கிற தேடும் கட்டத்துல data usage-னு அடிச்சுட்டா வந்துடும். எந்த ஆப் எவ்வளவு தின்னுச்சுன்னு வரிசையா காட்டும். ஆனா அது காட்டின கணக்கு 1-ஆம் தேதியிலேர்ந்து. என் பேக் தொடங்கினது 4-ஆம் தேதி. அங்கேயே சுழற்சித் தேதியை மாத்த வழி இருக்கு, 4-ன்னு மாத்தினேன். இதுல ஒரு சிக்கல் உண்டு. போன் மாசக் கணக்குல போகும், பேக் 28 நாள் கணக்குல போகும். மார்ச் 4-ல போட்டா அடுத்தது ஏப்ரல் 1, அதுக்கடுத்தது ஏப்ரல் 29. தேதி பின்னாடி நகர்ந்துக்கிட்டே போறதால, ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் இதைத் திரும்ப மாத்தணும்.

மாத்தினதும் தெரிஞ்சது: வாட்ஸ்அப் மட்டும் 1.4 ஜிபிக்கு மேல. மத்த ஆப் எல்லாம் அதுக்குக் கீழே சில்லறை.

பக்கத்துல நின்னு பார்த்த வீட்டுக்காரம்மா, "பாருங்க, நான் பேசினதுதான்"னாங்க. அந்தக் குரல்ல இருந்த குத்த உணர்ச்சி எனக்கு என்னமோ பண்ணுச்சு.

ஆனா அந்த 1.4 ஜிபியில பேச்சு எவ்வளவு, குரூப்புல வந்த படமும் வீடியோவும் எவ்வளவுங்கறதை போன் பிரிச்சுச் சொல்லாது. அதுக்கு எல்லாம் ஒரே வாட்ஸ்அப்தான். பால் சொசைட்டி சீட்டுல மொத்த லிட்டரை மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி. எந்த மாடு எவ்வளவு கறந்துச்சுன்னு அதுல தெரியாது.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் காலேஜ் லீவுல வந்திருந்தான். அவன்தான் வாட்ஸ்அப்புக்குள்ளேயே தனிக் கணக்கு இருக்குன்னு காட்டினான். மூணு புள்ளியைத் தொட்டு Settings, அதுல Storage and data. உள்ள போனதும் முதல்ல Manage storage-னு இருக்கும். நான் அதைத்தான் தொட்டேன். அது டேட்டா கணக்கு இல்ல, போன்ல எவ்வளவு இடம் அடைச்சிருக்குங்கற கணக்கு. நமக்கு வேண்டியது அதுக்குக் கீழ இருக்கிற Network usage.

அதைத் திறந்தா தூக்கிவாரிப் போட்டுச்சு. 38 ஜிபின்னு காட்டுது! பையன் சிரிச்சான். "மாமா, இது இந்த மாசக் கணக்கு இல்ல. இந்தப் போன்ல வாட்ஸ்அப் போட்ட நாள்லேர்ந்து மொத்தமும். நீங்க பெங்களூரு போயி அக்கா வீட்டு வைஃபையில பார்த்ததும் இதுல சேர்ந்திருக்கும்"னான். அடியில Reset statistics-னு ஒண்ணு இருக்கு. அதைத் தொட்டா கணக்கு பூஜ்யத்துக்கு வந்துடும். மெசேஜோ படமோ எதுவும் அழியாது, எண்ணிக்கை மட்டும் புதுசா ஆரம்பிக்கும்.

ஏப்ரல் 1 காலையில புது பேக் போட்டேன். உடனே அந்தக் கணக்கையும் பூஜ்யம் ஆக்கினேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "நீ எப்பவும் போல பேசு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்"னேன். அவங்க நம்பல. 12 நாள்ல மூணே தடவைதான் வீடியோ, மத்ததெல்லாம் வாட்ஸ்அப்புல வெறும் குரல்.

12-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து நோட்டுல எழுதினேன். Calls-ங்கற வரியில போனது 118 எம்பி, வந்தது 126 எம்பி. Media-ங்கற வரியில போனது 22 எம்பி, வந்தது 905 எம்பி. Messages-ல, அதாவது வெறும் எழுத்துல, போனதும் வந்ததும் சேர்த்தே 7 எம்பி. Status 48 எம்பி. எல்லாம் கூட்டினா 1,226 எம்பி. போனோட Settings-லயும் வாட்ஸ்அப்புக்கு நேரா கிட்டத்தட்ட இதேதான் இருந்துச்சு. எங்க வீட்டுல வைஃபை இல்லாததால ரெண்டும் ஒத்துப் போச்சு. வைஃபை இருக்கிற உங்களுக்கு வாட்ஸ்அப் கணக்கு கூடுதலாக் காட்டும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க.

இந்த எண்களைப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் புரிஞ்சது. பேச்சுங்கறது ரெண்டு பக்கமும் ஓடற தண்ணி. நம்ம முகமும் குரலும் அங்க போகணும், அவங்களது இங்க வரணும். அதனால கால் தின்னா போனதும் வந்ததும் ஏறக்குறைய சமமா இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சமும் இன்னொரு பக்கம் மலையாவும் இருந்தா அது பேச்சு இல்ல, யாரோ நம்ம வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டறது.

கொட்டினது யாரு? நான் இருக்கிற குரூப்புகள்தான். மஞ்சள் விலை குரூப், மாட்டுச் சந்தை குரூப், சொட்டுநீர் குரூப், அப்புறம் எங்கூட படிச்ச பசங்க குரூப். காலையில எந்திரிக்கறதுக்குள்ள பூ விரியற வீடியோ, சாமி படம், யாரோ ஊருல தென்னைமரம் ஏறற மிஷினு. நான் தோட்டத்துல இருக்கேன், போன் வீட்டுல சும்மா கிடக்கு. யாரும் தொடாமலே அது எல்லாத்தையும் இறக்கி வச்சுக்குது. பாதி வீடியோவை நான் திறந்துகூடப் பார்த்ததில்ல.

அதுக்காக வீடியோ கால் பாவம் ஒண்ணும் தெரியாததுன்னு சொல்லமாட்டேன். அதையும் அளந்து பார்த்தேன். கூப்பிடறதுக்கு முன்னாடி Calls வரியைக் குறிச்சுக்கிட்டு, பேசி முடிச்சதும் திரும்பப் பார்த்து கழிச்சா தெரிஞ்சுடும். எங்க வீட்டு சிக்னல்ல பத்து நிமிச வீடியோவுக்கு போக வர 65 எம்பி. அதே பத்து நிமிசம் குரல் மட்டும்னா நாலரை எம்பிக்குள்ள. உங்க போனுக்கும் சிக்னலுக்கும் தகுந்தபடி இது மாறும். தினமும் பத்து நிமிசம் வீடியோன்னா 28 நாளைக்கு 1,800 எம்பிக்கு மேல ஆகுது, 2 ஜிபி பேக்குக்கு அது ஆகாது. வாரம் மூணு தடவைன்னா 780 எம்பி. தாராளமா நிக்கும். சாதாரணமா நம்பர் போட்டுக் கூப்பிடற கால் இந்தக் கணக்குலேயே வராது, டேட்டாவைத் தொடாது.

அன்னைக்கே அதே Storage and data-க்குள்ள Media auto-download-க்குப் போனேன். When using mobile data-ங்கறதைத் தொட்டு, படம், ஆடியோ, வீடியோ, டாக்குமென்ட் நாலுக்கும் இருந்த டிக்கை எடுத்துட்டேன். இப்ப குரூப்புல வர்றது மங்கலா நிக்கும், கூடவே எத்தனை எம்பின்னும் போட்டிருக்கும். வேணும்னா மட்டும் தொட்டு இறக்கிக்கலாம். விலைப்பட்டியல் படத்தைத் தொடறேன், பூ விரியற வீடியோவைத் தொடறதில்ல. குரல்ல பேசி அனுப்பற வாய்ஸ் மெசேஜ் மட்டும் இதுக்குக் கட்டுப்படாம தானாவே இறங்கும். அது சின்னதுதான், போகட்டும். Use less data for calls-னும் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுப் பார்த்தோம். பேத்தி முகம் தெளிவா இல்லைன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க, உடனே எடுத்துட்டேன்.

12-ஆம் தேதி அரை ஜிபி அளவுதான் மிச்சம் இருந்துச்சு. பாக்கி 16 நாளை அது தாங்குமான்னு எனக்கே சந்தேகம். ஏப்ரல் 28 ராத்திரி பார்த்தேன், 100 எம்பிக்கு மேல மிச்சம்.

நோட்டுக் கணக்கை வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன். "இந்த 905 யாருதுங்க?"ன்னு கேட்டாங்க. "என்னுது"ன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு, நோட்டை மூடி என் கையில கொடுத்தாங்க. "சரி, நகருங்க. புள்ள தூங்கிடுவா"ன்னு போனை எடுத்துக்கிட்டு திண்ணைக்குப் போயிட்டாங்க. அங்கதான் சிக்னல் நல்லாக் கிடைக்கும்.

டவுன்ல இருக்கிற நண்பர்களே, ஊருல இருக்கிற அம்மா, "நெட்டு இல்ல சாமி"ன்னு சீக்கிரமே போனை வச்சா, அடுத்த தடவை வரும்போது அவங்க போன்ல அந்த Network usage-ஐ ஒரு தடவை திறந்து பாருங்க. வந்தது மட்டும் மலையா இருந்தா, அதுல நீங்க அனுப்பின வீடியோவும் கொஞ்சம் இருக்கலாம்.