களஞ்சியத்தில் காலை எண்ணிக்கை

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியை விட்டுக் கடற்பக்கமாகத் திரும்பி விடத்தல்தீவுக்கு நான் போனது, வலையும் கயிறும் மிதவையும் இயந்திர உதிரிப்பாகங்களும் மீனவருக்கு விற்கின்ற ஒரு சிறு களஞ்சியத்திலே, அன்றைய முதற் சீட்டு எழுதப்படுமுன் கிடைக்கும் சிறிது அவகாசத்தில் நடக்கும் இருப்பெடுப்பைக் காண்பதற்காகத்தான்.

உதவியாளனான இளைஞன் வலைத் தட்டின் முன் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். இருப்பு அட்டையோ களஞ்சியப் பொறுப்பாளரான பெரியவரின் கையில் இருந்தது. "அவனுக்கு அட்டையைக் காட்டாதேங்கோ ஐயா, கண்டால் அந்த எண் வருமட்டும் எண்ணுவான்" என்றார் அவர். மூன்றரை அங்குலக் கண் வலை அட்டைப்படி 40 கட்டு; அவன் எழுதித் தந்ததோ 37. பெரியவர் பதறாமல் பக்கத்திலிருந்த நான்கு அங்குல வலையையும் எண்ணச் சொன்னார். 25 இருக்கவேண்டிய இடத்தில் 28 இருந்தன. அந்த வாரத்துச் சீட்டுகளைப் புரட்டியபோது, மூன்று கட்டு மூன்றரை அங்குல வலையைக் கொடுத்துவிட்டுச் சீட்டில் நான்கு அங்குலம் என்று எழுதியிருந்தது வெளிப்பட்டது. வாங்கியவர் யாரென்பதும் பையனுக்கு ஞாபகமிருந்தது.

இதையே வருஷ முடிவில் கடையைப் பூட்டி எண்ணியிருந்தால், இருவகையும் சேர்ந்து 65 என்ற மொத்தம் பிசகாதிருக்க, கணக்காளர் திருப்தியுடன் கையெழுத்திட்டிருப்பார். அல்லது வித்தியாசத்தைக் கண்டாலும், பத்து மாதத்துச் சீட்டுக் குவியலில் அதன் காரணத்தைத் தேடும் பிரயாசையை எவரும் மேற்கொள்ளார். அதற்கிடையே, இல்லாத மூன்று கட்டை நம்பிப் புதிய சரக்குக்கு எழுதாமல் இருந்துவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

இதைத் தவிர்க்கவே, சுமார் 200 வகைப் பொருளையும் சுழற்சியாக எண்ணும்படி பெரியவர் மூன்றாகப் பிரித்திருக்கிறார்: விலையும் ஓட்டமும் மிகுந்த 30 வகை மாதந்தோறும், இடைத்தரமான 60 வகை மூன்று மாதத்துக்கொருமுறை, ஊசி, தூண்டில் முதலிய 110 வகை அரையாண்டுக்கொருமுறை. வருஷத்துக்கு 820 எண்ணிக்கைகள். வேலைநாள் 275 என்று கொண்டால் நாளொன்றுக்கு மூன்று. இதற்குக் கடையைப் பூட்டவேண்டியதில்லை.

ஆயினும் இம்முறை எல்லோருக்கும் பொருந்துமென்று நான் கருதவில்லை. பொருளுக்கு நிலையான தட்டும், அன்றன்றே பதியப்படும் அட்டையும் இல்லாத இடத்தில், நேற்றைய பதியாத சீட்டே இன்றைய "குறைவாக"த் தோன்றி வீண் சந்தேகத்தை எழுப்பும். அங்கே முழு இருப்பெடுப்பொன்றைச் செய்து அட்டைகளை நேராக்கிய பின்னரே சுழற்சியைத் தொடங்குதல் தகும். நாற்பது வகையே வைத்திருக்கும் கடைக்கு வருஷத்தில் ஒருநாள் போதும். மேலும், அட்டையுள்ள பொருளை மட்டும் தேடி எண்ணுபவன் அட்டையில்லாத பொருளைக் காணான். சென்ற முழு இருப்பெடுப்பில், கயிற்றுச் சுருள்களின் பின்னால் எந்த அட்டையிலும் ஏறாத ஒரு பெட்டி தீப்பொறிச் செருகிகள் கிடைத்தனவாம். ஆகையால் அந்த வருடாந்த எண்ணிக்கையைப் பெரியவர் இன்னும் கைவிடவில்லை. பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறும் நாளிலும், இருவரும் கூடிநின்று சுவர்முதற் சுவர்வரை எண்ணிக் கையெழுத்திட்ட பின்பே சாவியைக் கொடுப்பேன் என்கிறார்.