வளையலா, வயலா?



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். என் தங்கை மகன் அதைக் கைபேசியில் படம் எடுத்து, கையெழுத்தைப் படிக்கும் செயலி ஒன்றில் போட்டு, அது தட்டச்சு செய்து கொடுத்ததையும் கீழே ஒட்டியிருந்தான். பூர்வீக வீட்டின் அடமானத்தை மீட்டபோது பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிய பக்கம் அது. செயலி கொடுத்த முதல் வரி இது:

"ரா. வயல் விற்று கொடுத்தான் 210"

தாத்தா வீட்டு ஆட்களை முதல் எழுத்தால்தான் எழுதுவார். 'ரா.' என்றால் அவருடைய தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "எங்க தாத்தா வயலை வித்துத்தான் அந்த வீடு மீண்டதுன்னு அப்பா சொல்லுவார், இப்ப ஆதாரமே கிடைச்சிருச்சு" என்று சின்னத் தாத்தாவின் பேத்தி எழுதினாள். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். 'வயல்' என்றுதான் எனக்கும் தெரிந்தது.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்த வரி இப்படி இருக்கிறது:

"ரா. வளையல் விற்று கொடுத்தாள் ௱௨௰"

கொடுத்தவர் தம்பி அல்ல, தங்கை. எங்கள் அத்தைப் பாட்டி. அவர் பெயரும் 'ரா'வில்தான் தொடங்கும். விற்றது வயல் அல்ல, அவர் கைவளையல். தொகை 210 அல்ல, 120. ஒரே வரியில் மூன்று பிழை. ஆனால் பிழையான வரியைப் படித்துப் பாருங்கள், எங்கும் தட்டாது. அதனால்தான் அத்தனை பேரும் ஏமாந்தோம். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி நோட்டுகளும் கடிதங்களும் இருக்கும்.

முதலில் 'வளையல்'. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் இப்போதுபோல 'ை' என்ற தனிக் குறியை முன்னால் போட்டு எழுதமாட்டோம். யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி எழுத்தோடு ஒட்டி மேலே ஏறும். நான் பள்ளியில் படித்தது அந்த எழுத்துதான். 78க்குப் பிறகு படித்தவர்கள் பழைய புத்தகங்களில் பார்த்திருந்தால் உண்டு. ணா, றா, னா எழுத்துகளும் அப்படியே வேறு வடிவில் இருந்தன. தாத்தாவின் 'ளை' இந்தத் துதிக்கை ளை. அதை அறியாத செயலி, வ-வையும் யல்-ஐயும் படித்துவிட்டு நடுவில் இருந்த சுழியை மைக்கறை மாதிரி விட்டுவிட்டது. மிஞ்சியது 'வயல்'. 'விற்று' என்ற சொல்லுக்கு முன்னால் அது அழகாகப் பொருந்தியும்விட்டது.

வேறொரு பழைய செயலியிலும் அதே படத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது 'வ8யல' என்று கொடுத்தது. பையன் சிரித்தான். எனக்கு அதுதான் நேர்மையாகப் பட்டது. வ-வுக்கும் ய-வுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்லிவிட்டது. புதிய செயலி அந்தச் சந்தேகத்தை மறைத்து, நல்ல தமிழாக்கிக் கொடுத்துவிட்டது. தப்பும் தவறுமாக வருவதை நாம் எப்படியும் திருத்திவிடுவோம். சரளமாக வரும் தப்புதான் கண்ணில் படாது.

இரண்டாவது 'கொடுத்தாள்'. வேகமாக எழுதும்போது ன, ள இரண்டும் பலர் கையில் ஒன்றுபோல ஆகிவிடும். ஆண்பால், பெண்பால் வேறுபாடே அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது. 'ரா.' என்ற எழுவாயும் உதவாது. 'வயல் விற்று' என்று ஏற்கெனவே படித்துவிட்ட செயலிக்கு 'கொடுத்தான்' என்பதே இயல்பாகத் தோன்றியிருக்கும். இந்த இடத்தில் இலக்கணம் கைகொடுக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான தமிழ். எழுதியவரின் கைதான் சாட்சி.

அதற்கு நான் செய்தது இதுதான். எந்தச் சந்தேகமும் இல்லாமல் படிக்க முடிகிற சொற்களை அதே நோட்டில் தேடினேன். வாரம் தவறாமல் 'ஆள் கூலி' என்று எழுதியிருக்கிறார். அதில் வருவது ள். 'நான்' என்பது பல இடத்தில் வருகிறது. அதில் வருவது ன். ஒரு தாளில் அவருடைய ள்-களைப் பத்து இடத்திலிருந்து ஒரு பக்கமும், ன்-களைப் பத்து இடத்திலிருந்து மறு பக்கமும் பார்த்து வரைந்துகொண்டேன். தாத்தாவின் ள்-இல் கடைசிக் கால் நேராக இறங்கி நின்றுவிடும். ன்-இல் அந்தக் கால் உள்பக்கமாக வளையும். நம் வரியில் இருக்கும் கால் நேராக நிற்கிறது. வகுப்பில் உங்கள் விடைத்தாளைப் பார்த்தே இது யார் எழுத்து என்று சொல்லிவிடுவேனே, அதே வேலைதான்.

மூன்றாவது எண். தாத்தா தமிழ் எண்களில் கணக்கு எழுதியவர். அதிலும் பழைய முறை. அதில் சுழியம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள் உண்டு. ௱௨௰ என்றால் நூறு, அதன்பின் இரண்டு பத்து, ஆக 120. செயலி ௱-ஐ விட்டுவிட்டு, ௨-ஐ 2 என்றும் ௰-ஐ 10 என்றும் மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 210 ஆக்கிவிட்டது. எண்ணில் மட்டும் செயலியின் குட்டு தானாகவே வெளிப்பட்டது. பக்கம் முழுவதையும் பாருங்கள். இடது பக்கம் நோட்டில் உள்ளது, வலது பக்கம் செயலி கொடுத்தது:

வளையல் விற்றது: ௱௨௰ / 210
நெல் விற்றது: ௫௰ / 510
கைமாற்று: ௩௰ / 310
ஆக: ௨௱ / 2

210, 510, 310 மூன்றையும் கூட்டினால் 1030. ஆக 2 எப்படி வரும்? நோட்டில் உள்ளபடி கூட்டினால் 120, 50, 30, ஆக 200. கச்சிதமாகச் சேர்கிறது. கணக்கு நோட்டில் கூட்டுத்தொகையைப் போல நல்ல காவல்காரன் கிடையாது. குழுவில் இருந்த எங்களில் ஒருவரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் வெட்கம்.

தமிழ் எண்களில் இன்னொரு வம்பும் உண்டு. ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௰ என்பது ய போலவும் இருக்கும். வேறு பக்கங்களில் ௨௰௫ என்ற 25ஐ அதே செயலி 'உயரு' என்று எழுத்தாகப் படித்திருக்கிறது. நாள், மாதம், வருஷத்துக்கு ௳, ௴, ௵ என்ற குறிகள் வேறு. இந்தப் பக்கத்தின் தேதி தாது ௵ தை ௴ ௨௰௫ ௳. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876இல் பிறந்த தாது வருஷத்தில் தாத்தா பிறக்கவே இல்லை. ஆகவே இது அடுத்த தாது, அதாவது 1937 பிப்ரவரித் தொடக்கம். இதை நோட்டு சொல்லாது, எழுதியவரைத் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. எழுத்தை வைத்து மட்டும் ஒரு குடும்பக் கதையை மாற்றலாமா? அதனால் அடுத்த பக்கங்களைப் புரட்டினேன். மறு வருஷம் ஐப்பசியில் ஒரு வரி இருக்கிறது: "ரா. வளையல் செய்ய பத்தருக்கு ௫௰". இங்கேயும் அதே துதிக்கை ளை. பக்கத்தில் பத்தர் இருப்பதால் அதை வயல் என்று யாரும் படிக்க முடியாது. தங்கைக்குத் திருப்பிச் செய்ய அண்ணன் 50 ரூபாய் கொடுத்திருக்கிறார். மீதி 70க்கு நோட்டில் வரி எதுவும் இல்லை. அதற்குப் பின் சில தாள்களைச் செல் அரித்திருக்கிறது. அதில் இருந்ததா என்று சொல்ல முடியாது. என் படியில் அந்த இடத்தைச் சதுர அடைப்புக்குள் காலியாக விட்டிருக்கிறேன். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட வேண்டும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். முதல் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு ஏன் 'வயல்' என்றே தெரிந்தது? பழைய எழுத்துத் தெரியாதவனா நான்? செயலி கொடுத்ததை முதலில் படித்துவிட்டு, அப்புறம் படத்தைப் பார்த்தேன். சின்னத் தாத்தா கதையும் சிறு வயதிலிருந்து காதில் இருந்தது. கண் அதற்கு ஏற்பத் துதிக்கையைத் தாண்டிப் போய்விட்டது. செயலி செய்ததையேதான் நானும் செய்தேன்.

அதனால் உங்களுக்கு என் வேண்டுகோள். செயலியைப் பயன்படுத்துங்கள், நூறு பக்கம் தட்டச்சு செய்யும் சிரமம் குறையும். ஆனால் முக்கியமான வரி என்றால், அது கொடுத்ததைப் பார்க்கும் முன் படத்தை நீங்களே படித்துத் தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களில் சொல்லைப் படிக்காமல், கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். அப்போது மனம் சொல்லை ஊகிக்காது. பெயர், எண், உறவுமுறை, வினையின் கடைசி எழுத்து, 'இல்லை' என்று முடிகிற சொல், இவற்றை வேறுபாடு இல்லாவிட்டாலும் பாருங்கள். படம் எடுக்கும்போது தாளைத் தட்டையாக வைத்து, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். நோட்டின் முதுகுப் பக்கம் வளைவில் வரியின் முனை மறையும், அங்கேதான் வினைமுற்று ஒளிந்திருக்கும். தட்டச்சுப் படியை யாருக்கு அனுப்பினாலும் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சின்னத் தாத்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. அவர் வயல் விற்றது வேறொரு சமயமாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் அது இல்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் இருப்பது அத்தைப் பாட்டி. அவர் நம் எல்லோருக்கும் முறுக்கு சுற்றிக் கொடுத்தார், வளையல் விற்றதை ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டை மீட்ட கதையை இனி யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னால், அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய நோட்டு, கடிதம் வைத்திருப்பவர்கள் படம் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்தவரை படித்துச் சொல்கிறேன். முடியாததை முடியாது என்றே சொல்வேன்.