வேறொரு பாட்டிலின் விலை

திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருக்கும் அந்த ஆஃப்செட் அச்சகத்தில் பெரும்பாலும் கடை நோட்டீஸ்கள்தான் ஓடுகின்றன. ஞாயிறு விடியற்காலையில் நாளிதழுக்குள் செருகி வீடுகளில் போடப்படும் மளிகைச் சலுகை நோட்டீஸ்கள். அவற்றின் வாசகத்தையும் விலையையும் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் பெண்மணியை அங்கே எல்லோரும் எடிட்டர் அக்கா என்கிறார்கள். ஒரு தப்பான விலை அவர் கையைத் தாண்டிப் போன கதையைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"காலையில பேப்பரைப் பிரிச்சேன், நம்ம நோட்டீஸ் கீழ விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா கடலை எண்ணெய் 1 லிட்டர் 189 ரூபாய்னு இருக்கு சார். 365 வரணும். அதுக்குள்ள 20,000 வீட்டுக்குப் போயாச்சு."

அந்தப் பிழை எப்படி நுழைந்தது என்பதை இரண்டு தாள்களை அருகருகே வைத்துக் காட்டினார். முந்தைய மாத நோட்டீஸில் இருந்தது அரை லிட்டர் பாட்டில், விலை 189. டிசைனர் அதே கோப்பைத் திறந்து, படத்தையும் அளவையும் மாற்றியவர், விலையை மாற்றாமல் விட்டுவிட்டார். கடைக்காரர் கொடுத்த பட்டியலிலோ அரை லிட்டரும் ஒரு லிட்டரும் அடுத்தடுத்த வரிகள். அக்கா புரூஃபில் 189-ஐப் பார்த்தார், பட்டியலிலும் 189-ஐப் பார்த்தார், டிக் போட்டார். 1,890 என்றோ 18 என்றோ இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். வேறொரு பொருளின் சரியான விலை வந்து உட்கார்ந்துகொண்டால் கண் அதை மன்னித்துவிடுகிறது. விலைப் பிழைகளில் ஆகக் கள்ளமானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிஷின் அண்ணன் என்னை உள்ளே அழைத்துப் போனார். நான்கு வண்ணத்துக்கு நான்கு அலுமினியப் பிளேட்டுகள். விலைக் கட்டம் சிவப்பு, எண் மஞ்சள். மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்தச் சிவப்பு கிடைக்கும். ஆகவே மஞ்சள் பிளேட்டில் எண்ணே இல்லை, கட்டம் முழுக்க நிரப்பித்தான் இருக்கிறது. மெஜந்தா பிளேட்டில் மட்டும் எண்ணின் வடிவில் மை படாத இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மஞ்சள் மட்டும் தெரிகிறது. ஆஃப்செட் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும்; ரப்பர் பிளாங்கெட்டில் இடவலம் மாறி, தாளில் மறுபடி நேராகும். அதனால் பிளேட்டைக் குனிந்து பார்த்தே விலையைப் படித்துவிடலாம். "மிஷின் ஓடுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா இந்த ஒரு பிளேட்டை மட்டும் மாத்தியிருப்பேன்" என்றார் அவர். நாலு பிளேட்டில் ஒன்றே ஒன்று. அதை நினைத்து அவர் இன்னும் வருந்துகிறார்.

அக்கா அன்று முதலில் செய்தது, கடை திறக்கும் முன்பே கடை முதலாளிக்குப் போன் போட்டது. பிடிபடாமல் போகலாம் என்று காத்திருக்கவில்லை. அடக்க விலை 340. 189-க்குக் கொடுத்தால் பாட்டிலுக்கு 151 ரூபாய் நஷ்டம். கையிருப்பு 180 பாட்டில், எல்லாம் போனாலும் 27,180 ரூபாய். கணக்கை எழுதிப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கு மூச்சு வந்ததாம். மறுப்பு நோட்டீஸ் அடிக்கலாமா என்ற பேச்சும் வந்தது. அது திங்கட்கிழமைதான் போய்ச் சேரும். வர வேண்டியவர்கள் ஞாயிறே வந்துவிடுவார்கள். முதல் நோட்டீஸைக் கவனிக்காதவர்களுக்கு அது நினைவூட்டலாகவும் போய்விடும். வேண்டாம் என்று விட்டார்கள்.

"நோட்டீஸோட வர்றவங்களுக்கு, குடும்பத்துக்கு ஒண்ணு, அந்த விலைக்கே குடுத்துடுங்க" என்றார் முதலாளி. வாசலிலும் எண்ணெய் அடுக்கிலும், அச்சுப்பிழை என்ற விளக்கத்தோடு அதை எழுதி ஒட்டினார்கள். பில்லிங் மிஷினில் 365 என்றுதான் இருந்தது. பார்கோடைக் காட்டியதும் அந்த விலை விழுந்தால் கவுன்ட்டரில் சண்டை வந்துவிடும். ஆகவே 176 ரூபாய் தள்ளுபடியை முன்கூட்டியே ஏற்றினார்கள். இரவுக்குள் 94 பாட்டில் போனது. 14,194 ரூபாய் நஷ்டத்தில் பாதியை அச்சகம் தன் பில்லில் கழித்துக்கொண்டது. அது நியாயமான பங்கீடு. புரூஃபில் கடை மேனேஜரின் கையெழுத்தும் இருந்ததே.

இப்போது அக்கா தனியாகப் புரூஃப் பார்ப்பதில்லை. ஒரு பெண் புரூஃபிலிருந்து பொருள், அளவு, விலை மூன்றையும் ஒரே மூச்சில் உரக்கப் படிக்கிறாள். அக்கா பட்டியலில் அந்த வரியின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு விலையையும் கிலோவுக்கோ லிட்டருக்கோ மாற்றி ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார். அரை லிட்டர் 189 என்றால் லிட்டருக்கு 378. 1 லிட்டர் 365 என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு, வழக்கமும் அதுதான். லிட்டரே 189 என்று வந்தால் பாதிக்குப் பாதி குறைந்து உடனே கண்ணை உறுத்தும்.

நான் இருந்தபோது துவரம்பருப்பு வரி வந்தது. அந்தப் பெண் படித்து முடித்ததும் அக்கா பென்சிலைத் தூக்கினார். "அளவு எங்கம்மா? கட்டத்துல கிலோவா, அரைக் கிலோவான்னே இல்லையே. கடைக்குப் போன் போடு."