அப்பாவின் பையும் 12 ஆண்டுகளும்

ஆய்வேட்டுப் பணிக்கிடையே நான் எழுதிவரும் நாவலில் ஓர் அத்தியாயம் நெடுநாளாக நகர மறுத்தது. வெளியூரில் வேலை பார்க்கும் தந்தை மாதம் ஒருமுறை, சனிக்கிழமை இரவில் வீடு திரும்புகிறார். இப்படியே 12 ஆண்டுகள். என் அப்பாவின் கதைதான். முதல் வரைவில் ஆண்டுக்கொரு காட்சியாக 40 பக்கம் எழுதினேன். ஹைதராபாத் விடுதி அறையில் அதைப் படித்த தோழி, "உங்க அப்பாவுக்கு இதுல வயசே ஆகலையே" என்றாள். உண்மைதான். ஒவ்வொரு காட்சியும் தன் நிமிடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு அனைத்தையும் 3 பக்கமாகச் சுருக்கினேன். அது பணிப்பதிவேடு போல ஆயிற்று.

அப்போதுதான் ஃப்ளோபேரின் 'சென்டிமென்டல் எஜுகேஷன்' (1869) நாவலுக்குத் திரும்பினேன். அதில் ஓர் அத்தியாயம் 1851 டிசம்பரில், தெருவில் நிகழும் கொலையோடு முடிகிறது. அடுத்த அத்தியாயம் எழுவாயும் பயனிலையும் மட்டுமே கொண்ட வாக்கியத்தில் தொடங்குகிறது. ஒரு பக்கத்துக்கும் குறைவான இடத்தில் 15 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுகின்றன. 1867 மார்ச் இறுதியில் ஓர் அந்திவேளை, கதாநாயகன் ஃபிரெடெரிக் இளமை முதல் காதலித்த திருமதி ஆர்னூ அவன் அறைக்குள் வருகிறார். இருவரும் தெருவில் உலவித் திரும்பியபின் அவர் தொப்பியைக் கழற்றுகிறார். விளக்கொளியில் நரைத்த கூந்தல் தெரிகிறது. சுருக்கப் பகுதி அவருடைய முதுமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைக் காட்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார் ஆசிரியர்.

மொழியியல் படித்தவளுக்கு இங்கே இன்னொன்றும் தோன்றியது. தமிழில் கடந்தகால வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையே கையாள்கிறோம்: "அப்போதெல்லாம் வருவார், திண்ணையில் அமர்வார்." ஒரே வினைமுற்றில் நூறு சனிக்கிழமைகள் அடங்கிவிடும். "வந்தார்" என்று மாற்றிய கணமே ஒரே ஓர் இரவு தனித்து நிற்கும். சுருக்கத்திலிருந்து காட்சிக்குள் நுழையும் கதவு அந்தக் கால இடைநிலைதான்.

மூன்றாம் வரைவை அப்படியே அமைத்தேன். ஒன்றரைப் பக்கம் முழுக்க "வருவார்", "கேட்பார்", "சிரிப்பார்". பேருந்திலிருந்து இறங்கும்போது பையை நான் வாங்கக் கை நீட்டுவேன், தரமாட்டார். (அதற்குமேல் நீட்டினால் அந்த வடிவம் தாலாட்டாகிவிடுகிறது, வாசகர் உறங்கிவிடுவார்.) பிறகு ஒரு சனிக்கிழமை: இறங்கினார், நான் கேட்கும் முன்பே பையை நீட்டினார். அந்த இரவை மட்டும் விரிவாக எழுதினேன்.

சோதித்துப் பார்க்கச் சுருக்கப் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு காட்சியை மட்டும் வாசித்தேன். ஒருவர் பையைக் கொடுக்கிறார், அவ்வளவே. கையை எடுத்தால் 12 ஆண்டுகள் அந்தப் பையில் இருக்கின்றன. முந்தைய சுருக்கத்தை மறைத்தபோது எந்த இழப்பும் தெரியவில்லை. பை அதில் இடம்பெறவே இல்லை.

அப்பா இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். அத்தியாயத்தை அவரிடம் இன்னும் காட்டவில்லை. பையை நீட்டிய அந்த இரவு அவர் நினைவில் இருக்குமா என்று கேட்கவும் துணிவு வரவில்லை.