மாமா மௌத்தானது எத்தனை மணிக்கு?

ஜனாஸா அன்று நிறையப் பேர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் ஒருவர் காலை பத்தரை என்றார், இன்னொருவர் அஸருக்குப் பிறகு என்றார். குழப்பத்தில் சொன்ன பதில் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் இருந்தது.

மாமா, எங்கள் உம்மாவின் தம்பி. மோட்டார் சைக்கிள் விபத்து. காலும் உடைந்து, தலையிலும் அடி. முதல் இரவே இரத்தம் ஏற்றினார்கள். அது யாருடைய இரத்தம் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிவாசலிலேயே இரத்ததான முகாம் வைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், அதில் யாருக்கும் மார்க்கச் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வந்தது நான்காம் நாள். டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, மூளை முழுவதுமாக இறந்துவிட்டது என்றார். மாமி கட்டிலைக் காட்டினார். நெஞ்சு ஏறி இறங்குகிறது, திரையில் இதயத்துடிப்பு ஓடுகிறது, கை சூடாக இருக்கிறது. "இதயம் அடிக்குதே மகன், எப்படி மௌத்து எண்டு சொல்ற?"

டொக்டர் பொறுமையாக இருந்தார். மயக்க மருந்தின் வேகம் உடம்பை விட்டுப் போகும்வரை காத்திருந்துதான் சோதித்தார்களாம். கண்ணில் வெளிச்சம் அடித்தும், கருவிழியைப் பஞ்சால் தொட்டும், காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் அசைவில்லை. கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, ஒட்சிசனை மட்டும் குழாயால் கொடுத்துக்கொண்டு நெஞ்சையே பார்த்து நின்றிருக்கிறார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏற ஏற, மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் அது மூச்செடுக்கச் சொல்லும். மாமாவின் நெஞ்சு ஒருமுறைகூட எழும்பவில்லை. கோமாவில் கிடப்பவருக்கு மூளையின் ஒரு பகுதியாவது வேலை செய்யும், திரும்பி வந்தவர்களும் உண்டு. இது அதுவல்ல என்றார். இதயம் மூளையைக் கேட்டு அடிப்பதில்லை, ஒட்சிசன் கிடைக்கும்வரை தானாகவே அடிக்கும். இரண்டாவது தடவையும் சோதித்து முடித்தபோது காலை பத்தரை.

அன்று பகல் மாமி ஓடி வந்தார், கால்விரல் அசைந்தது என்று. நாங்களும் கண்டோம். அந்த அரைமணி நேரம் நாங்கள் பட்ட பாட்டை எழுத முடியாது. அது முள்ளந்தண்டு வடத்திலிருந்து வரும் அசைவு, அதற்கு மூளை தேவையில்லை என்று விளங்கிக்கொண்ட பிறகும் மாமி அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மெஷினைக் கழற்றச் சொன்னால் நாங்களே கொன்றதாகுமா? மௌலவியிடம் போனோம். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச பிக்ஹ் அகடமி, மூளையின் எல்லா இயக்கமும் மீளமுடியாதபடி நின்று, மூளை சிதையத் தொடங்கிவிட்டது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால் அவர் மௌத்தானவர்தான் என்று தீர்மானித்தது. இதயம் மெஷினால் அடித்தாலும் சரி. அடுத்த வருடம் மக்காவில் ராபிதாவின் பிக்ஹ் சபை கொஞ்சம் வேறுவிதமாகச் சொன்னது: மெஷினைக் கழற்றலாம், ஆனால் கழற்றிய பின் மூச்சும் இதயமும் முழுதாக நின்றால்தான் மௌத்தின் சட்டங்கள் தொடங்கும். ஆக, கழற்றுவதில் இரண்டு சபைக்கும் பிணக்கில்லை. அதுவரைக்கும் மாமி அழுகையை நிறுத்தியிருந்தார்.

அதன்பிறகுதான் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இதயம் நின்றால் இரத்த ஓட்டமும் நிற்கும், சிறுநீரகம் கெடத் தொடங்கிவிடும். அதனால்தான் மெஷினைக் கழற்றுமுன்பே கேட்கிறார்கள். அம்மான் தீர்மானப்படி பார்த்தால் அப்போது எடுப்பது மையித்திலிருந்து எடுப்பது. மக்கா தீர்மானப்படி பார்த்தால் இன்னும் மௌத்தாகாத ஒருவரிடமிருந்து எடுப்பது. அந்த வித்தியாசம் எங்கள் மடியில் வந்து விழுந்தது. மாமா உயிரோடிருக்கும்போது இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று மௌலவி கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூத்த மச்சான் கொடுப்போம் என்றார். மாமி மாட்டேன் என்றார். அவருடைய வாய்ச்சொல் இருந்திருந்தால் மாமி சம்மதித்திருப்பார் என்றே நினைக்கிறோம். கொடுக்கவில்லை. அது பிழை என்றும் எங்களால் சொல்ல முடியவில்லை, யாரோ இரண்டு பேர் டயலிசிஸ் கட்டிலில் காத்திருந்திருப்பார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து மெஷினைக் கழற்றச் சொன்னோம். மாமி காதருகே கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் திரையில் கோடு நேரானது. மாமியின் இத்தாவை எந்த நேரத்திலிருந்து எண்ணுவது என்று கேட்டதற்கு, பேணுதலுக்காக அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னார் மௌலவி.

போன வெள்ளிக்கிழமை உம்மா மீன் கழுவிக்கொண்டே சொன்னா: "எனக்கு அப்படி வந்தா கிட்னிய குடுங்க. ஆனா இதயம் நிண்ட பிறகு எடுக்கலாமா எண்டு முதல்ல கேளுங்க. ஏலாது எண்டாலும் குடுங்க." கொப்பியில் எழுதி, திகதி போட்டு, கையொப்பமும் வாங்கி வைத்திருக்கிறோம். தாளில் மீன் வாசம் இன்னும் போகவில்லை.